காசோலை வழக்கில் சரணடையும் எதிரிக்கான பிணை மனு

திருப்பூர் விரைவு நீதிமன்றம் (குற்றவியல் நடுவர் நிலை) முன்பு
எஸ்.டி.சி. எண் 1187/2024

மு. செந்தில்குமார், வயது 34,
த/பெ முத்துசாமி,
பெருமாநல்லூர், திருப்பூர் மாவட்டம்
... மனுதாரர் / எதிரி

எதிராக

ப. தங்கராஜ், வயது 52,
த/பெ பழனிச்சாமி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்
... எதிர்மனுதாரர் / புகார்தாரர்

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023, பிரிவு 478இன் கீழ் பிணை கோரியும், பிரிவு 72(2)இன் கீழ் பிடியாணையைத் திரும்பப் பெறக் கோரியும் மனுதாரர் சமர்ப்பிக்கும் மனு

1. மனுதாரர் மேற்கண்ட வழக்கின் ஒரே எதிரி. மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 138இன் கீழ் எதிர்மனுதாரர் கொடுத்த தனிப்புகாரின் பேரில் வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டது. 19.02.2025 அன்று பிறப்பிக்கப்பட்ட பிடியாணை நிலுவையில் உள்ளது. மனுதாரரை யாரும் பிடித்து வரவில்லை. இன்று தாமாகவே கனம் கோர்ட்டார் முன்பு சரணடைந்து இம்மனுவைத் தாக்கல் செய்கிறார்.

2. புகாரின்படி, மனுதாரர் தொழில் செலவுக்குக் கடன் பெற்று, அதைத் தீர்க்க 10.06.2024 தேதியிட்ட ரூ. 3,40,000க்கான காசோலை கொடுத்தார், அது 13.06.2024 அன்று போதிய பணம் இல்லை என்ற காரணத்தால் திரும்பியது, 02.07.2024 தேதியிட்ட வழக்கறிஞர் அறிவிப்புக்குப் பிறகும் பணம் செலுத்தவில்லை. புகார் 16.08.2024 அன்று தாக்கலானது. இவற்றில் எதையும் மனுதாரர் இம்மனுவின் வழியாக ஒப்புக்கொள்ளவில்லை.

3. மனுதாரர் பனியன் தொழிலில் சிறு ஒப்பந்ததாரர். அனுப்பர்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்கூடத்தில் ஆறு பவர் டேபிள், இரண்டு ஓவர்லாக் மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளின் துண்டுகளைத் தைத்துக் கொடுத்து வந்தார். ஆர்டர் குறைந்து, வாடகையும் கட்ட முடியாமல் போனதால் 2024 மே மாதக் கடைசியில் அந்த வீட்டைக் காலி செய்து, மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயாருடன் பெருமாநல்லூரில் உள்ள தற்போதைய வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். புதிய வீட்டின் வாடகை ஒப்பந்தம் 27.05.2024 தேதியிட்டது. அறிவிப்பு அனுப்பப்படும் முன்பே பழைய வீட்டை விட்டுப் போய்விட்டார் என்பதற்கு இந்த ஒரு பத்திரமே போதும்.

பிணைக்கான காரணங்கள்

4. பிரிவு 138இன் கீழ் அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டுகள் வரையிலான சிறை, அல்லது காசோலைத் தொகையைப்போல் இரு மடங்கு வரையிலான அபராதம், அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய பிற சட்டக் குற்றங்கள், சன்ஹிதாவின் முதல் அட்டவணை, இரண்டாம் பகுதியின்படி பிணையில் விடத்தக்கவை. எனவே மனுதாரர் கேட்பது சலுகை அல்ல. பிணையில் விடத்தக்க குற்றத்தில் பிணை கேட்பது முழுமையான உரிமை என்று உச்ச நீதிமன்றம் ரசிக்லால் எதிர் கிஷோர் கான்சந்த் வாத்வானி வழக்கில் (2009) கூறியுள்ளது.

5. பிடியாணை பிறப்பிக்கப்பட்டதே பிணையை மறுக்கக் காரணமாகும் என எதிர்மனுதாரர் தரப்பு வாதிடலாம். ஆனால் பிணையை மறுக்க இடம் தரும் பிரிவு 478(2), ஏற்கெனவே பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதன் நிபந்தனையை மீறி ஆஜராகாமல் போனவரைப் பற்றியது. மனுதாரர் இதுவரை எந்தப் பத்திரமும் எழுதிக் கொடுத்ததில்லை; எந்த நிபந்தனையையும் மீறியதும் இல்லை. இது அவர் முதல் முறை ஆஜராகும் நாள்.

6. சம்மன் அனுப்பப்பட்டது பழைய வீட்டுக்கு. வழக்கறிஞர் அறிவிப்பின் உறையும் அங்கிருந்துதான் திரும்பியது. "விலாசதாரர் காலி செய்து சென்றுவிட்டார்" என்ற குறிப்போடு அது எதிர்மனுதாரர் தரப்பிலேயே ஆவணமாகத் தாக்கலாகியுள்ளது. இதைக் கையில் வைத்துக்கொண்டே அதே விலாசத்தைப் புகாரில் எழுதியிருக்கிறார்கள். மனுதாரரின் கைப்பேசி எண் இன்றுவரை மாறவில்லை, அது எதிர்மனுதாரருக்குத் தெரியும். பிடியாணையுடன் காவலர் ஒருவர் பழைய வீட்டுக்கு வந்து போனதை வீட்டு உரிமையாளர் 06.03.2025 அன்று தொலைபேசியில் சொன்ன பிறகே வழக்கு இருப்பது மனுதாரருக்குத் தெரிந்தது. மறுநாளே வழக்கறிஞரை அணுகி, நான்காம் நாளில் கனம் கோர்ட்டார் முன்பு நிற்கிறார். தலைமறைவானவர் செய்யும் காரியம் அல்ல இது. முதலில் சம்மன், பிறகு பிணையில் விடத்தக்க பிடியாணை, அதற்கும் வராவிட்டால்தான் பிணையில் விட இயலாத பிடியாணை என்பதே முறை என்று இந்தர் மோகன் கோஸ்வாமி எதிர் உத்தராஞ்சல் மாநிலம் வழக்கில் (2007) சொல்லப்பட்டுள்ளது.

7. மனுதாரர் மீது இதற்கு முன் எந்தக் குற்ற வழக்கும் இல்லை. காவல் நிலையப் படியேறியதும் இல்லை. இதுவே முதல் வழக்கு.

8. வழக்கின் ஆவணங்கள் யாவும், அசல் காசோலை உட்பட, கோர்ட்டாரின் வசமும் எதிர்மனுதாரர் வசமும் உள்ளன. புலன் விசாரணை என்று எதுவும் இல்லை. மனுதாரர் வெளியே இருப்பதால் கலைக்கக்கூடிய சாட்சியமும் இல்லை.

9. கடன் தொகை குறித்தும், 2023 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை மனுதாரர் தம் வங்கிக் கணக்கிலிருந்து எதிர்மனுதாரருக்கு அனுப்பிய ரூ. 1,15,000 குறித்தும், காசோலையின் தொகையும் தேதியும் யார் கையெழுத்தில் உள்ளன என்பது குறித்தும் மனுதாரருக்குச் சொல்ல இருக்கிறது. அவை விசாரணைக்கு உரிய சங்கதிகள். இங்கே பேசி கனம் கோர்ட்டாரின் நேரத்தை எடுக்க விரும்பவில்லை. எதிர்வாத உரிமை அனைத்தையும் மனுதாரர் தக்கவைத்துக்கொள்கிறார்.

10. பிணைக்கு நிபந்தனையாகக் காசோலைத் தொகையில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லும்படி எதிர்மனுதாரர் கேட்கக்கூடும். இடைக்கால இழப்பீட்டுக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 143A தனி வழி வகுத்துள்ளது. அந்தக் கட்டம், எதிரி குற்றத்தை மறுத்த பிறகே வருகிறது. உச்சவரம்பு 20 விழுக்காடு. அதைப் பிணைக்குள் நுழைப்பது சட்டம் கொடுத்த உரிமைக்கு விலை வைப்பதாகும்.

11. குடும்பத்தில் சம்பாதிப்பவர் மனுதாரர் ஒருவரே. தற்போது வேறொருவர் யூனிட்டில் வாரச் சம்பளத்துக்குத் தைக்கிறார்; சனிக்கிழமை கூலி வந்தால்தான் அடுத்த வாரத்து அரிசி. தாயார் சர்க்கரை நோய்க்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறார்.

12. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 147இன்படி இக்குற்றம் சமரசத்துக்கு உரியது. எதிர்மனுதாரர் கணக்கைத் திறந்து பேச வந்தால், சமரச மையத்தில் அமர மனுதாரர் தயார். இது கடனை ஒப்புக்கொள்வதாகக் கொள்ளப்படலாகாது.

13. மனுதாரர் ஒவ்வொரு வாய்தாவிலும் தவறாது ஆஜராவார். விலாசம் மாறினால் முன்கூட்டியே தெரிவிப்பார். மனுதாரரின் அண்ணனும் சித்தப்பா மகனும் சொத்து வரி ரசீது, ஆதார் நகலுடன் ஜாமீன்தாரர்களாக இன்று கோர்ட் வளாகத்தில் காத்திருக்கிறார்கள்.

பிரார்த்தனை

எனவே கனம் கோர்ட்டார் அவர்கள் தயவு கூர்ந்து,

அ) மனுதாரர் சரணடைந்ததைப் பதிவு செய்து, 19.02.2025 தேதியிட்ட பிடியாணையைத் திரும்பப் பெற்று, நிறைவேற்றப்படாமல் திருப்பி அனுப்பும்படி சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கு உத்தரவிடவும்,

ஆ) மனுதாரரை அவரது சொந்தப் பிணையப் பத்திரத்தின் பேரிலோ, கனம் கோர்ட்டார் பொருத்தமெனக் கருதும் தொகைக்கு இரு நபர் ஜாமீனின் பேரிலோ இன்றே பிணையில் விடவும்,

இ) பிணைக்குப் பணம் கட்டும் நிபந்தனை ஏதும் விதிக்காதிருக்கவும், வழக்கு நகல்களை மனுதாரருக்கு வழங்க உத்தரவிடவும்

பிரார்த்திக்கப்படுகிறது.

மேலே 1 முதல் 3 வரையிலும் 6, 7, 9, 11 முதல் 13 வரையிலுமான பத்திகளில் சொன்ன சங்கதிகள் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. சட்டம் சார்ந்த மற்றவை என் வழக்கறிஞர் சொல்லக் கேட்டு நம்புபவை. 10.03.2025 அன்று திருப்பூரில் படித்துக் காட்டக் கேட்டு, சரியெனக் கண்டு கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) மு. செந்தில்குமார், மனுதாரர் / எதிரி
(ஒப்பம்) க. மாலதி, மனுதாரர் தரப்பு வழக்கறிஞர்

இணைப்பு: 27.05.2024 தேதியிட்ட வாடகை ஒப்பந்த நகல், மனுதாரரின் ஆதார் நகல், தாயாரின் மருத்துவச் சீட்டு நகல், ஜாமீன்தாரர்கள் இருவரின் சொத்து வரி ரசீது, ஆதார் நகல்கள், வக்காலத்து.