தோட்டத்தில் பெயர், கொழும்பில் வேலை: மலையகத்தின் முதல்முறை வாக்காளர்கள் ஏன் வருவதில்லை?

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. பாராளுமன்றத் தேர்தல் நாள். நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் தெரிந்தவர் வீட்டில் இருந்தேன். காலை எட்டு மணிக்கே அந்த வீட்டு அம்மா தோட்டப் பாடசாலைக்குப் போய் வாக்குப் போட்டுவிட்டு, விரலில் மையோடு திரும்பி வந்திருந்தார். சாமி மேடையில், முருகன் படத்துக்குப் பின்னால் இன்னொரு வாக்காளர் அட்டை செருகி வைத்திருந்தது. "மகனோடது. கொழும்புல கடையில நிக்கிறான். தீவாளிக்கு வந்துட்டுப் போனான், மறுபடி எப்படி வருவான்?" என்றார். மகனுக்கு வயது 19. அவன் போட்டிருக்க வேண்டிய முதல் பாராளுமன்ற வாக்கு, நாள் முழுக்க அந்தப் படத்துக்குப் பின்னாலேயே இருந்தது.

மலையக இளைஞர்கள் வாக்களிக்காததைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே பதில்தான் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை." இதை நான் ஏற்கவில்லை. அட்டன், கொட்டகலை, மஸ்கெலியா பக்கத்துத் தோட்டங்களிலும், கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் பேசிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது வேறு. மலையகத்தில் அரசியலுக்குள் போக ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அது தோட்ட வேலையோடு சேர்ந்த தொழிற்சங்க வாசல். பிள்ளைகள் தோட்ட வேலையை விட்டார்கள், அதோடு அந்த வாசலும் போய்விட்டது. அவர்களின் பெயர் மட்டும் தோட்டத்து வாக்காளர் இடாப்பில் நிற்கிறது.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இலங்கையில் எந்த முகவரியில் பெயர் பதிந்திருக்கிறதோ, அங்கேதான் வாக்களிக்க முடியும். தேர்தல் கடமையில் உள்ள அரச ஊழியர், பொலிஸ், படையினர் போன்றவர்களுக்குத் தபால்மூல வாக்கு உண்டு. புறக்கோட்டையில் புடவைக் கடையில் நிற்கும் பையனுக்கு அது கிடையாது. வாக்களிக்கப் போவதற்குத் தனியார் துறை ஊழியருக்கும் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தூரம் கூடக்கூட அந்த விடுமுறையும் கூடும். ஆனால் அதைக் கேட்டு வாங்க ஒரு நியமனக் கடிதமாவது கையில் இருக்க வேண்டும். கடைப் பையன்கள் பெரும்பாலும் வாய்ப் பேச்சில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதலாளியிடம் "வோட்டுப் போடப் போகணும்" என்று கேட்டதற்கு, "போனா அப்படியே ஊரிலேயே நின்னுக்கோ" என்று பதில் வந்ததாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

2024இன் நாட்காட்டியை அந்தப் பையனின் இடத்தில் இருந்து பாருங்கள். செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். அக்டோபர் 31 தீபாவளி. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். எட்டு வாரத்துக்குள் மூன்று முறை ஊருக்குப் போய்வர வேண்டும். பஸ் காசு, வீட்டுக்கு வாங்கிப் போகும் சாமான், வெட்டுப்படும் நாள் சம்பளம் எல்லாம் சேரும்போது மூன்றில் ஒன்றையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். தீபாவளியை யார் விடுவார்கள்? நாடு முழுவதும் ஜனாதிபதித் தேர்தலில் 79 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். பாராளுமன்றத் தேர்தலில் அது ஏறக்குறைய 69 சதவீதமாக இறங்கியது. இந்த இறக்கத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் நான் பேசிய பிள்ளைகளில் பலர் செப்டம்பரில் வாக்களித்தவர்கள், நவம்பரில் வராதவர்கள். இரண்டு மாதத்தில் ஒருவரின் அக்கறை செத்துப்போகாது. கையில் இருந்த காசும் லீவும் தீர்ந்துபோயின, அவ்வளவுதான்.

அப்படியானால் பெயரைக் கொழும்புக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அறையை வாடகைக்குக் கொடுத்தவர், வாக்காளர்களைப் பதியும் பீசீ படிவத்தில் வாடகைக்காரரின் பெயரை எழுத ஒத்துக்கொள்ள வேண்டும். பெயரைப் போட்டால் வீட்டில் உரிமை கேட்பார்களோ என்ற பயம் வீட்டுக்காரருக்கு. மறுபக்கம், லயத்துப் பதிவிலிருந்து பெயரை எடுத்தால் நாளைக்கு வீடு, காணி கொடுக்கும்போது நம்மைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்ற பயம் குடும்பத்துக்கு. இரண்டு பயமும் வெறும் கற்பனை இல்லை. தலைமுறை தலைமுறையாக லயக் காம்பராவில் இருந்தும் காணி உறுதி கையில் இல்லாத சனத்துக்கு, பதிவில் இருக்கும் பெயர்தான் மிச்சம்.

பெயர் பதிவதிலும் வேறு சிக்கல் உண்டு. லயத்தில் பல வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது வீட்டுக்கு வரும். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டை விண்ணப்பத்தில் வேறு மாதிரி. அதைத் திருத்தப் பிரதேச செயலகத்துக்கு இரண்டு, மூன்று நடை. 18 வயதான பிள்ளை தானாகப் போய் இதையெல்லாம் செய்வதில்லை, வீட்டில் யாராவது பின்னால் நிற்க வேண்டும். ஜூன் 1ஐ வைத்து மட்டும் ஆட்களைச் சேர்த்த பழைய முறையை 2021இல் திருத்தி, இடையில் 18 ஆகிறவர்களையும் சேர்க்க வழி செய்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் நான் பேசிய பிள்ளைகளில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

இனி அந்த வாசலைப் பற்றி. இதில்தான் விஷயம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் 1949இல் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் எங்கள் சனத்தின் வாக்கைப் பறித்தன. 1964இல் இந்தியாவோடு செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1988இல் ஒரு சட்டம், கடைசியாக 2003இல் ஒரு சட்டம் என்று குடியுரிமை முழுதாகத் திரும்பி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. வாக்கு இல்லாத அந்தக் காலம் முழுவதும் எங்கள் அரசியலைச் சுமந்தது தொழிற்சங்கம். சம்பளத்தில் சந்தா பிடிப்பார்கள், தோட்டத் தலைவர் இருப்பார், மாதர் சங்கம் இருக்கும். பிரச்சினை என்றால் தலைவரிடம் போவார்கள், தேர்தல் என்றால் தலைவர் வீடு வீடாக வருவார். குறைகள் நிறைய இருந்தாலும் அது உயிருள்ள ஓர் அமைப்பு. சங்கமே கட்சியாகவும் இருந்ததால், சந்தா கட்டும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அரசியல் தானாக வந்தது.

இன்றைய பத்தொன்பது வயதுக்காரர் கொழுந்து எடுப்பதில்லை, சந்தா கட்டுவதில்லை. தலைவருக்கு அவர் யாரோ. கட்சிக்காரர் தோட்டத்துக்கு வந்தால் அம்மாவிடம் பேசுகிறார், நாட்சம்பளத்தைப் பேசுகிறார். 1000 ரூபாய் கேட்டுப் போராடி அது 2021இல்தான் கிடைத்தது. 2024இல் 1350 ஆனது. அம்மாவுக்கு அது வாழ்க்கை. ஆனால் கடையில் நிற்கும் மகனின் பன்னிரண்டு மணி நேர வேலையைப் பற்றி, ஈபிஎஃப் கட்டாத முதலாளியைப் பற்றி, ஏஎல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகளைப் பற்றி மேடையில் எவரும் பேசி நான் கேட்டதில்லை. "அவங்க பேசுறதுல நான் இல்ல" என்று கொட்டகலைப் பெண் ஒருத்தி சொன்னாள். நான் கேட்ட காரணங்களிலேயே மிகச் சரியானது அதுதான்.

அவர்களுக்கு அரசியல் வேண்டாம் என்று யாராவது சொன்னால், 2018 அக்டோபரை நினைத்துப் பார்க்கட்டும். தோட்டத்தில் வேலை செய்யாத, கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள்தான் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடி அம்மா அப்பாவின் 1000 ரூபாய்க்காகக் குரல் கொடுத்தார்கள். 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மூதாதையர் வந்த பாதையில் நடந்தவர்களிலும் இளையவர்கள் இருந்தார்கள். காலிமுகத்திடலுக்கு அவர்களைக் கூப்பிட்டது வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும். வாக்களிப்பு நிலையத்துக்குக் கூப்பிட ஆள் இல்லை.

இன்னொன்று, தேர்தலே வராத வருஷங்கள். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். இப்போது முப்பது வயதைத் தாண்டிய ஒருவர்தான் அதில் முதல்முறையாக வாக்களித்திருக்க முடியும். உள்ளூராட்சித் தேர்தல் 2018க்குப் பிறகு 2025 மே மாதம்தான் வந்தது. 2023 மார்ச்சில் நடக்க வேண்டியது தள்ளிப்போனது. வாக்களிப்பது ஒரு பழக்கம். பதினெட்டில் தொடங்காவிட்டால் இருபத்தைந்தில் தொடங்குவது கஷ்டம். அதுவும் பிரதேச சபை தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடையாக இருந்த சட்டத்தையே 2018இல்தான் திருத்தினார்கள். லயத்துக்குப் போகும் பாதையைப் போட அதிகாரம் இல்லாத சபைக்கு ஏன் வாக்குப் போட வேண்டும் என்று முந்தைய தலைமுறை கேட்டதில் நியாயம் இருந்தது. சட்டம் மாறிவிட்டது, அந்தக் கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

வாக்குச் சீட்டைப் பற்றிய பயத்தையும் சின்னதாக எண்ணக்கூடாது. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டு, அப்புறம் விருப்பு இலக்கங்கள் மூன்று வரை குறிக்கலாம். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதலாம். இரண்டும் இரண்டு மாத இடைவெளியில் வந்தன. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் செப்டம்பரில் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டின, நவம்பரில் 5 சதவீதத்துக்கு மேல் போயின. "பிழையாப் போட்டா சிரிப்பாங்க" என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது. வாக்கு இரகசியமானது, யாரும் பார்க்கப் போவதில்லை என்பதைக்கூட அதற்குப் பாடசாலையில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. குடியியற்கல்வி ஓஎல்லில் விரும்பினால் எடுக்கும் பாடம். எடுக்காத பிள்ளைக்கு ஒரு மாதிரி வாக்குச் சீட்டைக் காட்ட அரை மணி நேரம் போதும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் எல்லாம் இரட்டிப்பு. கார்மெண்டில் வேலை செய்யும் பெண் இரவு பஸ்ஸில் தனியாக வருவதற்கு வீட்டில் விடமாட்டார்கள். ஆனாலும் 2024இல் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் இரண்டு மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானதைப் பற்றி அந்தப் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் பேசினார்கள்.

செய்யக்கூடியது என்ன? தேர்தலுக்கு முன்பே, இருக்கும் இடத்திலிருந்து வாக்களிக்கும் வசதியைத் தனியார் துறை ஊழியருக்கும் கொடுக்க வேண்டும். அதற்குச் சட்டம் மாற வேண்டும், காலமெடுக்கும். அதுவரை விடுமுறைச் சட்டத்தைக் கடை முதலாளிகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அனுப்பலாம். மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்று ஒரு தொலைபேசி இலக்கத்தைப் பையன்களுக்குக் கொடுக்கலாம். பாடசாலையை விட்டுப் போகும் முன்பே, ஏஎல் வகுப்பிலேயே பதிவையும் அடையாள அட்டையையும் முடித்து வைக்கலாம். சங்கங்கள் கடைகளிலும் கார்மெண்டிலும் வேலை செய்யும் தங்கள் சொந்தப் பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கலாம். இதை இத்தனை வருஷமாக அவர்கள் செய்யாததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

2025 மே 6, உள்ளூராட்சித் தேர்தல், செவ்வாய்க்கிழமை. அன்று மாலை அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகன் வரவில்லை. ஆனால் முதல் நாள் இரவு அவரைக் கூப்பிட்டு, "எந்தக் கட்சியில நம்ம தோட்டத்துப் பொடியன் யாராவது நிக்கிறானா?" என்று கேட்டானாம். இந்த முறை வேட்பாளர் பட்டியலில் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 25 சதவீத இடம் இருந்தது அவனுக்குத் தெரிந்திருந்தது. அட்டையை எடுத்து வைத்துவிட்டதாக அம்மா சொன்னார். மாகாண சபைத் தேர்தல் எப்போது வரும் என்று மகன் கேட்கச் சொன்னானாம். என்னிடம் சொல்ல ஒரு திகதி இல்லை.