திருப்பிப் பார்!

காலைக் கூட்டத்துக்கான குறுநாடகம். ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு. சுமார் எட்டு நிமிடம்.

நடிப்பவர்கள்: கவின், நிலா, ஃபாத்திமா, ஜோசப் (ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்), வாட்ச்மேன் அண்ணா, மொறுமொறு (சிப்ஸ் பாக்கெட்), ஜில்ஜில் (ஆரஞ்சு பாட்டில்), சுண்டல் அக்கா. மொறுமொறுவின் முதுகுக்குப் பின்னால் எண்ணெய், உப்பு, காற்று என்று மூன்று பேர் ஒளிந்திருக்க வேண்டும். குள்ளமான பிள்ளைகளாகப் பார்த்துப் போடுங்கள்.

மேடைக்கு வேண்டியவை: ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்று. முன்பக்கம் ஜிகினாத் தாள் ஒட்டி, பின்பக்கம் வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் பட்டியல் எழுத வேண்டும். அதேபோல் ஜில்ஜில்லுக்கு ஒரு சார்ட் அட்டை. அளக்கும் டேப், கண்ணாடி டம்ளர், ஒரு டீஸ்பூன், சுண்டல் தூக்கு, மந்தாரை இலைத் தொன்னைகள். சர்க்கரைக்குப் பதில் கோலமாவு போதும், யாரும் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசனங்கள் எழுத்து நடையில் இருக்கின்றன. ஒத்திகையில் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற மாதிரி மாற்றிக்கொண்டால் இன்னும் நன்றாக வரும். மனப்பாடம் செய்து ஒப்பிக்க மட்டும் விடாதீர்கள்.

(திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளிக்கூட வாசல். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். வாட்ச்மேன் அண்ணா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.)

கவின்: நாளைக்குக் கிண்டி சிறுவர் பூங்கா! மதியச் சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து. பதினோரு மணி ஸ்நாக்ஸ் மட்டும் நம் பொறுப்பு என்று மிஸ் சொல்லிவிட்டார்.

நிலா: குழுவில் பத்துப் பேர். ஆளுக்குப் பத்து ரூபாய். (எண்ணுகிறாள்) தொண்ணூற்று ஒன்பதுதான் இருக்கிறது. ஜோசப்!

ஜோசப்: வழியில் ஒரு தேன்மிட்டாய் என்னைப் பார்த்துச் சிரித்தது. பதிலுக்குச் சிரிக்காமல் வந்தால் மரியாதையாக இருக்குமா?

ஃபாத்திமா: சரி விடு, நான் ஒரு ரூபாய் போடுகிறேன். நூறு ஆச்சு. என்ன வாங்கலாம்?

(சினிமா அறிமுகப் பாட்டு போல மேளம். மொறுமொறு ஆடிக்கொண்டே வருகிறது, பின்னாலேயே ஜில்ஜில்.)

மொறுமொறு: யோசனையே வேண்டாம்! பத்துப் பேர், பத்து பாக்கெட், நூறு ரூபாய். கணக்குப் பாடத்திலேயே இவ்வளவு சுலபமான கணக்கு வராது!

ஜில்ஜில்: கிண்டியில் வெயில் மண்டையைப் பிளக்கும். தாகம் எடுத்தால் நான் இருக்கிறேன். என் மேல் பாருங்கள், எவ்வளவு பெரிய ஆரஞ்சு!

கவின்: ஐய்! எடு, எடு!

வாட்ச்மேன்: (டேப்பை இழுத்துக்கொண்டு எழுந்து) ஏய், நில்லு! எங்கே வந்து வியாபாரம் பண்ணுகிறாய்? கேட்டிலிருந்து 50 மீட்டர் தள்ளிப் போ!

மொறுமொறு: நான் யார் தெரியுமா? டிவியில் பார்த்ததில்லை?

வாட்ச்மேன்: டிவியில் எங்கே வேண்டுமானாலும் நில்லு. இது பள்ளிக்கூடம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமான தீனியைப் பள்ளி கேன்டீனிலும் விற்கக் கூடாது, கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. 2020இல் வந்த விதி. (டேப்பை மேடை ஓரம் வரை இழுக்கிறார்) இன்னும் போ… இன்னும்…

ஜில்ஜில்: அண்ணா, இதற்கு மேல் போனால் மேடையிலிருந்து விழுந்துவிடுவேன்!

நிலா: அண்ணா, ஒரு நிமிஷம். இவர்களிடம் அப்படி என்ன இருக்கிறது?

வாட்ச்மேன்: என்னைக் கேட்டால்? அதன் முதுகிலேயே எழுதியிருக்கும் பாப்பா. முன்பக்கம் கம்பெனிக்காரன் பேசுவது. பின்பக்கம் அவன் சொல்லியே ஆக வேண்டியது.

(நால்வரும் மெல்ல மொறுமொறுவைச் சுற்றி வருகிறார்கள். அது முதுகைக் காட்டாமல் சுவரோரமாக நகர்கிறது. இந்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் விடுங்கள், கீழே உட்கார்ந்திருக்கும் சின்ன வகுப்புகள் இங்கேதான் சிரிக்கும்.)

மொறுமொறு: வேண்டாம்! எனக்குக் கூச்சமாக இருக்கிறது!

நால்வரும்: (கூட்டத்தைப் பார்த்து) என்ன செய்யலாம்?

கூட்டம்: (முன்பே சொல்லிவைத்தபடி) திருப்பிப் பார்! திருப்பிப் பார்!

(திருப்புகிறார்கள். எண்ணெய், உப்பு, காற்று மூவரும் தொப்பென்று வெளியே விழுகிறார்கள்.)

ஃபாத்திமா: (பட்டியலைப் படிக்கிறாள்) எது அதிகமோ அது முதலில் வரும் என்று அறிவியல் மிஸ் சொன்னார். முதலில்… உருளைக்கிழங்கு.

மொறுமொறு: பார்த்தாயா! காய்கறி! நான் காய்கறிதான்!

ஃபாத்திமா: அவசரப்படாதே. இரண்டாவது எண்ணெய்.

எண்ணெய்: (எழுந்து, வழுக்கி வழுக்கி நடந்து) வணக்கம். 100 கிராம் சிப்ஸில் நானே ஏறத்தாழ 33 கிராம். மூன்றில் ஒரு பங்கு. கை துடைக்கத் துண்டு இருக்கிறதா?

உப்பு: நான் ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் நான் வந்தால் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போகும். அப்புறம் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் இவன் (ஜில்ஜில்லைக் காட்டி) விற்பான். நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள்.

ஜோசப்: நீ யார், பலூன் மாதிரி?

காற்று: நான் நைட்ரஜன். பாக்கெட்டுக்குள் பாதி இடம் எனக்குத்தான். என்னைத் திட்டாதீர்கள், நான் நல்லவன். சிப்ஸ் நொறுங்காமல், நமத்துப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

கவின்: அது சரி. ஆனால் எனக்குப் பாக்கெட் உப்பலாக இருந்தால் நிறைய இருக்கிறது என்றுதானே தோன்றுகிறது?

காற்று: அதற்கு நான் என்ன செய்ய? (ஓடிவிடுகிறான்)

நிலா: இப்போது ஜில்ஜில். நீயே திரும்புகிறாயா, நாங்கள் திருப்பவா?

ஜில்ஜில்: (தானாகத் திரும்பி) எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. தண்ணீர், சர்க்கரை, அப்புறம் வாயில் நுழையாத நாலு பேர்.

நிலா: ஆரஞ்சு எங்கே?

ஜில்ஜில்: இதோ, ரொம்பச் சின்ன எழுத்தில் இருக்கிறது. ‘பழம் எதுவும் இல்லை. மணம் சேர்க்கப்பட்டது.’

ஜோசப்: அப்போது முன்னால் இருக்கிற அந்தப் பெரிய ஆரஞ்சு?

ஜில்ஜில்: அது போட்டோ.

ஃபாத்திமா: 100 மில்லிக்குச் சர்க்கரை 11 கிராம். பாட்டில் 250 மில்லி. அப்படியென்றால்… இருபத்தேழரை கிராம். ஒரு டீஸ்பூன் ஏறத்தாழ 4 கிராம். கவின், டம்ளரை எடு!

(கவின் டம்ளரை உயர்த்திப் பிடிக்கிறான். ஃபாத்திமா கோலமாவை ஒவ்வொரு ஸ்பூனாகப் போடுகிறாள். கூட்டமும் சேர்ந்து எண்ணுகிறது: ஒன்று, இரண்டு, மூன்று… ஏழு. எல்லாம் தலை தட்டிய ஸ்பூன், கடைசி ஸ்பூன் மட்டும் கொஞ்சம் குறைவு.)

கவின்: ஏழா! எங்கள் தாத்தா காபிக்கு ஒரு ஸ்பூன் கூடக் கேட்டால் பாட்டி வீட்டையே இரண்டாக்குவார்!

(கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல். சுண்டல் அக்கா தூக்கோடு, பிள்ளைகள் வரிசைகளுக்கு ஊடே நடந்து வருகிறார்.)

சுண்டல் அக்கா: தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்! தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்! என்ன கண்ணுங்களா, பெரிய பஞ்சாயத்தா நடக்குது?

நிலா: மெரினா சுண்டல் அக்கா! நூறு ரூபாயில் பத்துப் பேருக்கு என்ன வாங்கலாம், நீங்களே சொல்லுங்கள்.

மொறுமொறு: அவர்கள் தூக்கையும் திருப்பிப் பாருங்கள்! எனக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா?

சுண்டல் அக்கா: பார்க்கட்டுமே! (தூக்கைத் திறந்து காட்டுகிறார்) பட்டாணி, மாங்காய், தேங்காய், கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், ஒரு சிட்டிகை உப்பு, தாளிக்க ரெண்டு ஸ்பூன் எண்ணெய். வாயில் நுழையாத பேர் ஒண்ணும் இல்லை.

ஃபாத்திமா: எதில் மடித்துக் கொடுப்பீர்கள்? செய்தித்தாளில் வேண்டாம் அக்கா. அச்சு மை சாப்பாட்டில் ஒட்டும்.

சுண்டல் அக்கா: அதனால்தான் தொன்னைக்கு மாறிட்டேன், பாரு. நாளைக்கு நீங்களே செய்துகொண்டு போங்க. அரைக் கிலோ கொண்டைக்கடலை வாங்கி இன்னிக்கு ராத்திரியே ஊறப்போடணும். ஊறினால் இரண்டு மடங்காகும், பத்துப் பேருக்குத் தாராளம். ஆனால் தேங்காயை வீட்டிலேயே கலந்துடாதீங்க. நம்ம ஊர் வெயிலுக்குப் பதினோரு மணிக்குள்ளேயே ஊசிப்போகும். தேங்காய் வேண்டாம், மாங்காய் மட்டும் தனி டப்பாவில் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது போட்டுக்குங்க.

ஜோசப்: எங்கள் அப்பா தாளிப்பார். அவர் தாளித்தால் தெருவே தும்மும்.

கவின்: கடலை 60 ரூபாய். மீதி நாற்பதுக்கு?

ஃபாத்திமா: கொய்யா. ஆரஞ்சை விட அதில்தான் வைட்டமின் சி அதிகம். உண்மையான ஆரஞ்சைச் சொல்கிறேன், போட்டோவை இல்லை.

ஜோசப்: எனக்குக் கடலை மிட்டாய் வேண்டும். அது நல்லதுதானே? பாட்டி செய்தது!

நிலா: கடலை நல்லதுதான். ஆனால் வெல்லமும் இனிப்புத்தானே? பாட்டி செய்தாலும் வெல்லம் வெல்லம்தான். ஒரு துண்டு, ஒரு டப்பா இல்லை.

ஜோசப்: முறுக்கு?

எண்ணெய்: (மேடை ஓரத்திலிருந்து தலையை நீட்டி) அங்கேயும் நான் இருக்கிறேன்!

கவின்: எனக்குச் சிப்ஸும் பிடிக்கும். பொய் சொல்ல மாட்டேன். இனிமேல் சாப்பிடவே கூடாதா?

வாட்ச்மேன்: யார் சொன்னது? என்றைக்கோ ஒரு பாக்கெட் வாங்கி நாலு பேர் பிரித்துச் சாப்பிடு. தினமும் ஆளுக்கு ஒன்று என்று போனால்தான் தொல்லை. தாகத்துக்குத் தண்ணி பாட்டில், இல்லை மோர்.

மொறுமொறு: அப்போது நாளைக்கு நான் வரவேண்டாமா?

நால்வரும்: வேண்டாம்!

மொறுமொறு: பஞ்சு மிட்டாயாவது வரும், பாருங்கள்!

வாட்ச்மேன்: ரோஸ் கலர் பஞ்சு மிட்டாயா? அதில் ரோடமின்-பி என்று துணிக்குப் போடுகிற சாயம் இருக்கிறதென்று 2024 பிப்ரவரியிலேயே தமிழ்நாட்டில் தடை போட்டாயிற்று. இன்னும் யாரையாவது கூப்பிடப் போகிறாயா?

(மொறுமொறுவும் ஜில்ஜில்லும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வாட்ச்மேன் டேப்பை மறுபடி இழுக்கிறார். இருவரும் மேடையிலிருந்து இறங்கி ஓட, அவர் அளந்துகொண்டே துரத்துகிறார்.)

வாட்ச்மேன்: முப்பது… முப்பத்தைந்து… நிற்காதே, இன்னும் இருக்கிறது!

சுண்டல் அக்கா: (கூட்டத்தைப் பார்த்து) தேங்கா மாங்கா?

கூட்டம்: பட்டாணி சுண்டல்!

நிலா: இன்றைக்கு எல்லா வகுப்புக்கும் இன்டர்வெல்லில் ஆளுக்கு ஒரு தொன்னை உண்டு. சத்துணவுக் கூடத்துப் பக்கம் வரிசையில் வாருங்கள். முதலில் ஒன்றாம் வகுப்பு.

ஜோசப்: (ஒன்றாம் வகுப்பு வரிசையில் போய் நிற்கிறான்)

நிலா: ஜோசப்!

(எல்லோரும் வணங்கி மேடையிலிருந்து இறங்குகிறார்கள்.)