பொருள்: 09.03.2026 அன்று வந்த 18,412.00 அமெரிக்க டாலர், இன்வாய்ஸ் குறிப்பு இல்லை, விவரம் கண்டறிந்து தர வேண்டுகோள்

முகாமையாளர் அவர்களுக்கு,
வெளிநாட்டு வணிகப் பிரிவு, யாழ்ப்பாணக் கிளை

வணக்கம்.

நாங்கள் திருப்பூரிலிருந்து குழந்தைகளுக்கான பின்னலாடைகளை யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் அனுப்பிவருகிறோம். உங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஜவுளி வணிகர் ஒருவரிடமிருந்து மார்ச் 9ஆம் தேதி எங்கள் கணக்கில் பணம் வரவாகியிருக்கிறது. பணம் பத்திரமாக வந்துவிட்டது, அதில் குறை ஒன்றும் இல்லை. எந்த பில்லுக்கு என்பதுதான் தெரியவில்லை.

பரிமாற்ற விவரம்:

```
UETR: 7c1e4a92-3f5b-4d08-9a6e-b2c8d1570f34
USD 18,412.00
09.03.2026
```

எங்கள் வங்கியிடம் `pacs.008` செய்தியின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். `RmtInf` பகுதி அதில் வரவே இல்லை. அனுப்பிய தொகையும் 18,412.00 என்றே இருக்கிறது; இடைப்பட்ட வங்கி ஏதும் கட்டணம் பிடித்ததாகப் பதிவு இல்லை. ஆகவே கட்டணம் கழிக்கப்பட்டிருந்தால், அது பணம் உங்கள் கிளையை விட்டுப் புறப்படும் முன்பே நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். உங்களிடம் நேரடியாகக் கேட்பதற்கு அதுவே காரணம்.

கணக்கை இரண்டு விதமாகப் பொருத்த முடிகிறது. பணம் அனுப்பிய ஐயா சொல்வது: இன்வாய்ஸ் EXP-241க்கு 9,640.00, புதிய ஆர்டரின் முன்பணம் 8,820.00, ஆக 18,460.00. அப்படியானால் 48 டாலர் குறைகிறது. வவுனியாவில் தனிக்கடை நடத்தும் அவருடைய மகனோ, தன்னுடைய இன்வாய்ஸ் EXP-247இன் 8,807.00ஐயும் அப்பா சேர்த்தே கட்டியிருப்பார் என்கிறார். அதையும் 241ஐயும் கூட்டினால் 18,447.00, குறைவது 35 டாலர்தான். இரண்டுமே நடந்திருக்கக்கூடியவை. விண்ணப்பத்தின் வாடிக்கையாளர் பிரதி அவர்கள் கையில் இப்போது இல்லை.

தோராயமாக ஒன்றில் வரவு வைத்துவிடலாமே என்று தோன்றலாம். இங்கே அது முடியாது. ஏற்றுமதிப் பணத்தை எங்கள் வங்கி உரிய ஷிப்பிங் பில்லோடு பொருத்தி, ரிசர்வ் வங்கியின் EDPMS கணினியில் பதிய வேண்டும். அனுப்பிய சரக்கின் பில்லுக்கு வந்த பணம் என்றால் நோக்கக் குறியீடு P0102. முன்பணம் என்றால் P0103. மகனுடைய பில்லுக்கு அப்பாவின் நிறுவனம் கட்டியது என்றால், அது மூன்றாம் தரப்புப் பணம். அதற்குத் தனியாக ஆவணங்கள் கொடுக்க வேண்டும். தவறாகப் பதிந்தால், பணம் கட்டிய ஒரு பில் நிலுவையில் நிற்கும், கட்டாத பில் தீர்ந்ததாகக் காட்டும். மார்ச் 31இல் எங்கள் நிதியாண்டு முடிகிறது. அதற்குள் சரியாக முடிக்க விரும்புகிறோம்.

எனவே பணம் அனுப்பக் கொடுத்த விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்து, அதில் எழுதியிருந்த தொகை எவ்வளவு, உங்கள் கட்டணம் எவ்வளவு கழிக்கப்பட்டது, கட்டணம் யார் பொறுப்பு என்று குறித்திருந்தது என்பதைத் தெரிவியுங்கள். தொகை தெரிந்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். விண்ணப்பத்தோடு எந்த இன்வாய்ஸ், புரோஃபார்மா அல்லது சுங்க ஆவணம் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. விண்ணப்பத்தில் குறிப்பு எழுதியிருந்து செய்தியில் மட்டும் விடுபட்டிருந்தால், அதே UETRஐக் குறிப்பிட்டு எங்கள் வங்கிக்கு ஒரு விளக்கச் செய்தி அனுப்பிவிடுங்கள். அவர்கள் அதை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வாடிக்கையாளர் விவரத்தை வெளியாரிடம் நீங்கள் சொல்ல முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் இந்த ஒரு பரிமாற்றம் பற்றிய தகவலை எங்களுக்குத் தரலாம் என்று ஐயா கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தை இணைத்திருக்கிறோம். அவருடைய பெயரும் கணக்கு எண்ணும் அதில் இருக்கின்றன. பாதுகாப்புக்காக மின்னஞ்சலில் எழுதவில்லை. உங்களிடம் பதிவாகியிருக்கும் எண்ணில் அவரை அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். எங்களுக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக அவரிடமே விண்ணப்பத்தின் பிரதியைக் கொடுப்பதானாலும் சரி, அதுவே போதும்.

தயவுசெய்து இதைப் பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் சரியான கணக்குக்குத்தான் வந்திருக்கிறது. அப்புறம் இன்னொன்று: எங்கள் வங்கிக் கணக்கு எண்ணில் எந்த மாற்றமும் இல்லை. மாறிவிட்டதாக எங்கள் பெயரில் மின்னஞ்சல் வந்தால், ஐயாவிடம் பேசாமல் அதன்படி பணம் அனுப்பிவிடாதீர்கள். இன்வாய்ஸ் தொடர்பான கடிதங்களுக்கு நடுவில் புகுந்து ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

தேடி எடுப்பதற்குக் கட்டணம் உண்டென்றால் முன்கூட்டியே தெரிவியுங்கள், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். மார்ச் 23ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் எங்கள் வங்கியில் ஆவணம் கொடுக்க நேரம் இருக்கும்.

நன்றியுடன்,
செ. மகேஸ்வரி
ஏற்றுமதிக் கணக்குப் பிரிவு, திருப்பூர்
16.03.2026

இணைப்பு: வாடிக்கையாளரின் ஒப்புதல் கடிதம், எங்கள் வங்கியின் வரவு அறிவிப்பு, இன்வாய்ஸ் EXP-241, EXP-247, புதிய ஆர்டரின் புரோஃபார்மா