மதிப்பீட்டைவிட ரூ.79,000 கூடுதலாக வந்த பில்: விவரமான பில்லும் மறுபரிசீலனையும் கோரி

மதுரை
19.03.2025

அனுப்புநர்:
செ. முருகேசன்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்.
நகல்: பில்லிங் பிரிவு மேலாளர்.

பொருள்: உள்நோயாளி எண் 25/03417, வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை – இறுதி பில் தொடர்பான புகார்.

ஐயா / அம்மா,

என் தாயார் செ. பாக்கியம் (வயது 66) மார்ச் 10-ஆம் தேதி தங்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 11-ஆம் தேதி அறுவை சிகிச்சை முடிந்து, 14-ஆம் தேதி வீடு திரும்பினார். சிகிச்சையில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா இப்போது வீட்டுக்குள் நடமாடுகிறார். டாக்டரும் வார்டு சிஸ்டர்களும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் புகார் பில்லைப் பற்றி மட்டுமே.

மார்ச் 3-ஆம் தேதி தங்கள் கவுன்டரில் முத்திரையிட்டுத் தந்த மதிப்பீட்டில் மூன்று வரிகள் இருந்தன. டாக்டர், மயக்க மருந்து நிபுணர், தியேட்டர், இரண்டு படுக்கை அறையில் நான்கு நாள் தங்கல், பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் ரூ.1,15,000. செயற்கை மூட்டு ரூ.62,000. மருந்தும் டிஸ்போசபிள் பொருட்களும் ரூ.28,000. ஆக மொத்தம் ரூ.2,05,000. “10% வரை கூடலாம்” என்று கீழே பேனாவால் எழுதித் தந்தார்கள். அதை ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். காப்பீட்டில் ரூ.1,80,000, முன்பணம் ரூ.25,000 என்று கணக்குச் சரியாக இருந்தது. மேற்கொண்டு ஒரு இருபதாயிரம் தேவைப்பட்டாலும் கொடுக்கத் தயாராகவே இருந்தோம்.

டிஸ்சார்ஜ் அன்று கையில் தந்த பில் ரூ.2,84,000. அதாவது ரூ.79,000 கூடுதல், மதிப்பீட்டைவிட 38 சதவீதத்துக்கும் மேல். விளக்கம் கேட்டபோது, “அது எஸ்டிமேட்தான் சார், கூடக் குறைய வரும்” என்றார்கள். பணம் கட்டினால்தான் டிஸ்சார்ஜ் சம்மரி கிடைக்கும் என்றதால், நகையை அடகு வைத்துக் கட்டினோம். எதிர்ப்புத் தெரிவித்தே கட்டுகிறேன் என்று ரசீதின் கவுன்டர் நகலில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

அறுவை சிகிச்சையில் எதிர்பாராத சிக்கல் ஏதும் வந்திருந்தால் செலவு கூடியது நியாயம் என்று விட்டுவிடுவேன். தங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியே சிக்கல் எதுவும் இல்லை என்கிறது. நான்கு நாள் என்று சொன்னீர்கள், நான்கு இரவுதான் தங்கினோம். அறையும் மாறவில்லை. பிறகு எது கூடியது என்பதுதான் கேள்வி.

முதலில் மருந்துக் கணக்கு. 13-ஆம் தேதி மாலை வார்டில் தந்த இடைக்கால பில்லில் மருந்து, டிஸ்போசபிள் ரூ.36,150. மறுநாள் காலை இறுதி பில்லில் அதே தலைப்பில் ரூ.61,240. அந்த ஒரு இரவில் அம்மாவுக்குத் தந்தது வலி மாத்திரையும் வழக்கமான பிரஷர் மாத்திரையும்தான். டிரிப்கூட அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். ரூ.25,090-க்கு என்ன மருந்து போனது? இன்னொன்று: கிளம்பும் முன் சிஸ்டர் எங்கள் அலமாரியிலிருந்து பிரிக்காத ஊசி மருந்துகள், இரண்டு குளுக்கோஸ் பாட்டில், ஒரு கட்டுத் துணி பாக்கெட் ஆகியவற்றை ஒரு கவரில் போட்டு, ஃபார்மஸிக்கு ரிட்டர்ன் என்று எழுதி எடுத்துச் சென்றார். இறுதி பில்லில் ரிட்டர்ன் என்று ஒரு ரூபாய்கூடக் கழிக்கப்படவில்லை.

செயற்கை மூட்டுக்கு ரூ.78,500 போடப்பட்டிருக்கிறது. மதிப்பீட்டில் சொன்ன வகையை மாற்றுவதாக யாரும் எங்களிடம் சொல்லவில்லை, ஒப்புதலும் வாங்கவில்லை. பில்லில் “இம்ப்ளான்ட் – 1” என்று மட்டுமே உள்ளது. முழங்கால் இம்ப்ளான்ட்டுகளுக்கு 2017 ஆகஸ்ட் முதல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வைத்திருக்கிறது. அது வகைக்கும் பாகத்துக்கும் தனித்தனி. எந்தக் கம்பெனி, என்ன மாடல், எந்தெந்தப் பாகம் என்று தெரியாமல் அந்த விலைக்குள் வருகிறதா என்று யாரும் சரிபார்க்க முடியாது. இம்ப்ளான்ட் பெட்டியிலிருந்து எடுத்து கேஸ் ஷீட்டில் ஒட்டும் ஸ்டிக்கர்களின் நகலும், கம்பெனி இன்வாய்ஸின் நகலும் வேண்டும். பிற்காலத்தில் அம்மாவுக்கு மூட்டில் பிரச்சினை என்றாலும் அந்த விவரம் தேவைப்படும்.

ஐ.சி.யூ. ஒரு நாள் ரூ.14,000 என்று ஒரு வரி. அம்மா ஐ.சி.யூ.வுக்குப் போகவே இல்லை. தியேட்டரை ஒட்டிய ரெக்கவரி அறையில் சில மணி நேரம் வைத்திருந்து, அன்று மாலையே அறைக்குக் கொண்டுவந்தார்கள். நானும் என் தங்கையும் கூடவே இருந்தோம். பேக்கேஜில் நான்கு நாள் அறை வாடகையும் முழுதாக இருக்கிறது. ஒரே நாளுக்கு ஒரே நோயாளி இரண்டு படுக்கைக்கு எப்படிக் கட்டணம் கட்டுவார்?

பிசியோதெரபி ஆறு முறை, ரூ.5,400 என்கிறது பில். 12, 13, 14 தேதிகளில் காலையில் மட்டும் வந்தார்கள். பதிவேட்டில் மாலை வருகைக்கு எங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். “இதர கட்டணம்” ரூ.9,860 பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் பில்லும் எதுவும் சொல்லவில்லை.

எனவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மருந்தும் பொருளும் தேதி, எண்ணிக்கை, பேட்ச் எண், எம்.ஆர்.பி.யோடு தனித்தனியாக வரும் முழு விவரமான பில்லையும், ஃபார்மஸி ரிட்டர்ன் கணக்கையும் தாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாங்கள் அனுப்பிய இறுதி பில்லின் நகலும் வேண்டும். எங்களுக்குத் தந்ததும் அதுவும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். தியேட்டர் குறிப்பு, நர்ஸிங் சார்ட் உட்பட கேஸ் ஷீட் நகலையும் இக்கடிதத்தின் மூலமே முறைப்படி கேட்கிறேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை. நகல் எடுக்கும் செலவைக் கட்டிவிடுகிறேன்.

அதன்பின் பில்லைப் போட்ட பிரிவு அல்லாமல், தாங்களோ தாங்கள் நியமிக்கும் மூத்த அலுவலரோ கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பில்லை மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆதாரம் இல்லாத தொகையைத் திருப்பித் தர வேண்டும். சரியாக இருக்கும் தொகையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒப்புக்கொண்ட 10 சதவீதத்தையும் மறுக்கவில்லை. நேரில் பேசலாம் என்றால் தேதி சொல்லுங்கள், காகிதங்களோடு வருகிறேன். ஆனால் விளக்கம் எழுத்தில் வேண்டும்.

விவரமான பில் பெறுவது, தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைகள் சாசனத்தில் உள்ள உரிமை. 03.04.2025-க்குள் பதில் வராவிட்டால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும், இம்ப்ளான்ட் விலை குறித்து விலை நிர்ணய ஆணையத்திடமும் புகார் தருவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் அணுகுவேன். அதுவரை போக வேண்டிய அவசியம் வராது என்றே நம்புகிறேன். தையல் பிரிக்க 25-ஆம் தேதி அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கேதான் வருகிறோம். அன்று பில் விவரமும் தயாராக இருந்தால் நல்லது.

சேர்க்கைப் படிவத்தில் உள்ள என் அலைபேசி எண்ணில் தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
செ. முருகேசன்

இணைப்பு (நகல்கள்): மதிப்பீடு 03.03.2025, இடைக்கால பில் 13.03.2025, இறுதி பில்லும் பணம் கட்டிய ரசீதும் 14.03.2025, டிஸ்சார்ஜ் சம்மரி, தாயாரின் ஒப்புதல் கடிதம்.