வெள்ள நிவாரணத்துக்கு நீங்கள் தந்த பணம்: நன்றியும் கணக்கும்

ஏரல், மார்ச் 2024

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரையோர ஊர்களுக்குள் ஆறு புகுந்தபோது, யார் எவரென்று கேட்காமல் எங்களை நம்பிப் பணம் அனுப்பினீர்கள். 143 பேர், மொத்தம் 4,68,700 ரூபாய். மனமார்ந்த நன்றி. அது எங்கே போனது என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பெரும்பகுதி முதல் வாரத்திலேயே செலவாகிவிட்டது. 210 குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பாய், போர்வை, வீட்டுக்கு 1,150 ரூபாய் வீதம் 2,41,500. ஏரல் பாலம் சேதமாகி வண்டிகள் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் வாடகையும் ஏற்றுகூலியும் 24,300 ஆனது, இது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வேறு வழியில்லை. சேறு நிரம்பிய 9 கிணறுகளை இறைத்துத் தூர்வார 58,500. பள்ளிப் பிள்ளைகள் 96 பேருக்குப் பை, நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க 72,000. பாடப்புத்தகம் அரசே கொடுத்ததால் அதில் கை வைக்கவில்லை.

அப்புறம் தையல் மெஷின்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பணம் ரொம்ப நாளைக்கு நின்று பேசப்போவது இதில்தான். வீட்டிலிருந்தே ஜாக்கெட், பாவாடை தைத்துப் பிழைக்கிற அக்காக்கள் பலருக்கு மெஷின் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. பாபின் கேஸுக்குள் சேறு இறுகி, சக்கரம் அசையவே இல்லை. தூத்துக்குடியிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்து, ஒவ்வொன்றையும் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, துருப்பிடித்த பாகத்தையும் பெல்ட்டையும் மாற்றியதில் 17 மெஷின்கள் மறுபடி ஓடின. ஒன்றுக்கு 1,600 வீதம் 27,200 ரூபாய். தேறாத நான்குக்குப் பதில் புதிது வாங்கினோம், 8,500 வீதம் 34,000. எல்லாமே பொங்கலுக்கு முன்னால் கைக்குப் போய்ச் சேர்ந்ததால் பண்டிகைத் துணி தைக்கும் வேலை பலருக்குக் கிடைத்தது. "அரிசி தீர்ந்துபோகும் தம்பி, இது இருந்தா நானே வாங்கிக்குவேன்" என்றார் ஒரு அக்கா.

ஆக மொத்தச் செலவு 4,57,500. கையில் 11,200 இருக்கிறது. மெஷின் போன இன்னொரு அக்கா அப்போது மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் பட்டியலில் விடுபட்டுவிட்டார். அவருக்கு ஒரு மெஷின் வாங்கலாம், மீதி 2,700 ரூபாயை அடுத்த மழைக்குள் மெஷின்களை உயரத்தில் வைக்க மரப்பலகை அடிக்கப் பயன்படுத்தலாம் என்பது எங்கள் எண்ணம். உங்களில் யாருக்காவது இதில் மாற்றுக் கருத்து இருந்தால் மாத முடிவுக்குள் தயங்காமல் சொல்லுங்கள்.

எங்கள் குழுவில் யாரும் சம்பளமோ பெட்ரோல் காசோ எடுக்கவில்லை. எல்லா ரசீதும் வங்கிக் கணக்கு அறிக்கையும் பத்திரமாக இருக்கின்றன, கேட்டால் நகல் அனுப்பிவைக்கிறோம். ஊர்ப் பக்கம் வந்தால் நேரிலேயே பார்க்கலாம்.

நன்றியுடன்,
ஏரல் வெள்ள நிவாரண நண்பர்கள்