ஏற்காடு விடுதித் தடுப்புச்சுவர் ஒப்பந்தப்புள்ளி: விளக்கம் கோரும் கேள்விகள்

சேலம்,
12.11.2025

பெறுநர்:
கட்டுமானக் குழுச் செயலாளர் அவர்கள்,
உறைவிடப் பள்ளி நிர்வாகம்,
ஏற்காடு.

பொருள்: மாணவர் விடுதியின் பின்புறச் சரிவில் கருங்கல் தடுப்புச்சுவரும் மழைநீர்க் கால்வாயும் கட்டுதல் – விளக்கம் கோருதல்.

பார்வை: ஒப்பந்தப்புள்ளி எண் 7/2025-26. கேள்விகள் அனுப்பக் கடைசி நாள் 14.11.2025 மாலை 5 மணி. ஒப்பந்தப்புள்ளி தாக்கல் 28.11.2025 பிற்பகல் 3 மணி.

ஐயா,

வணக்கம். ஆவணத்தின் 46 பக்கங்களையும் மூன்று வரைபடங்களையும் படித்து, 8ஆம் தேதி தளத்தையும் பார்த்த பிறகு எழுந்த 15 கேள்விகளைக் கீழே தந்துள்ளோம். பிரிவு மாறினாலும் வரிசை எண் தொடர்ந்து போகிறது. பதிலிலும் அதே எண்களைக் குறிப்பிட்டால் குழப்பம் வராது. "எங்கள் புரிதல்" என்று எழுதியுள்ள இடங்களில் அது சரியானால் "சரி" என்ற ஒரு சொல்லே போதும். விலையை அதிகம் மாற்றக்கூடியவை 1, 5, 11 ஆகிய மூன்றும். அவற்றுக்கு முதலில் பதில் தர வேண்டுகிறோம்.

அ. அளவும் வரைபடமும்

1. பக்கம் 31, வரைபடம் 2-இல் சுவரின் நீளம் 64 மீட்டர். குறுக்குவெட்டில் மேல் அகலம் 0.60 மீ., அடி அகலம் 2.10 மீ., உயரம் 4.20 மீ.; அதாவது பரப்பு 5.67 சதுர மீட்டர். 64 மீட்டருக்கு 362.88 கன மீட்டர் கட்டுமானம் வர வேண்டும். அளவுப் பட்டியல் வரிசை 6-இல் 272.16 என்று இருக்கிறது. அதை 5.67-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 48 மீட்டர் வருகிறது. ஆகவே இது தட்டச்சுப் பிழையாகத் தெரியவில்லை. பழைய நீளத்தை வைத்துப் போட்ட கணக்கு திருத்தப்படாமல் நின்றுவிட்டது போலிருக்கிறது. கட்ட வேண்டியது 64 மீட்டரா, 48 மீட்டரா? 48 என்றால் எந்த முனையில் 16 மீட்டர் குறைகிறது? கிழக்கு முனையில் குறைத்தால், தளத்தில் மண் ஏற்கெனவே சரிந்திருக்கும் இடம் சுவருக்கு வெளியே போய்விடும்.

2. குறுக்குவெட்டில் சுவருக்குப் பின்னால் 300 மி.மீ. தடிமனில் வடிகட்டி ஜல்லி காட்டப்பட்டுள்ளது. அளவுப் பட்டியலில் அதற்கு வரிசையே இல்லை. 64 மீட்டர் நீளத்துக்கு முழு உயரமும் நிரப்பினால் 80.64 கன மீட்டர். தனி வரிசை சேர்க்கப்படுமா, அல்லது கட்டுமான விலைக்குள்ளேயே அடங்க வேண்டுமா? இதைத் தெளிவாக்காவிட்டால், ஜல்லியை விட்டுவிட்டு விலை போடுபவரே குறைந்த விலைக்காரராக வருவார். ஜல்லி இல்லாத சுவரில் மண் அடைத்து நீர்க்கசிவுத் துளைகள் மூடிக்கொள்ளும். பின்னால் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும்.

3. நீர்க்கசிவுத் துளைக் குழாய் தொழில்நுட்பக் குறிப்பில் 75 மி.மீ., பட்டியல் வரிசை 9-இல் 50 மி.மீ. எது சரி? இடைவெளி 1.5 மீட்டர் என்பது நீளவாக்கில் மட்டுமா, உயரவாக்கிலுமா?

4. சுவர்க் கலவை வரிசை 6-இல் 1:5, பக்கம் 19-இல் 1:6. எங்கள் புரிதல்: 1:5.

ஆ. மண்ணும் பாறையும்

5. வரிசை 2: "எல்லா வகை மண்ணிலும் பாறையிலும் தோண்டுதல், 310 கன மீட்டர்", ஒரே விலை. தளத்தில் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் சுமார் 20 மீட்டர் நீளத்துக்குக் கருங்கல் பாறை வெளியே தெரிகிறது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறை என்றால் கடப்பாரைக்கு மசியாது. பிள்ளைகள் தங்கும் கட்டடத்தை ஒட்டி வெடி வைப்பதும் முடியாத காரியம். பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டும். அல்லது துளையிட்டு, விரிந்து பிளக்கும் ரசாயனக் கலவையை ஊற்றி உடைக்க வேண்டும். இந்த வேலைக்கும் மண் தோண்டும் வேலைக்கும் விலை பல மடங்கு வேறுபடும். ஆகவே வரிசை 2-ஐ (அ) மண், (ஆ) மென்பாறை, (இ) வெடியில்லாமல் உடைக்கும் கடும்பாறை என மூன்றாகப் பிரித்து, உள்ளபடி அளந்து பணம் தர முடியுமா? பிரிக்க முடியாது என்றால், எத்தனை கன மீட்டர் பாறை என்று எடுத்துக்கொண்டு விலை போட வேண்டும் என்பதையாவது எல்லோருக்கும் ஒரே எண்ணாக அறிவிக்க வேண்டுகிறோம்.

6. பக்கம் 12 "இணைப்பு 4-இல் மண் ஆய்வறிக்கை" என்கிறது. ஆவணம் இணைப்பு 3-உடன் முடிந்துவிடுகிறது. அறிக்கையை அனுப்பவும்.

7. தோண்டிய மண்ணைச் சரிவில் தள்ளக் கூடாது என்ற நிபந்தனை நியாயமானதுதான். கீழே காபித் தோட்டம் இருக்கிறது. ஆனால் எங்கே கொட்டுவது? வளாகத்துக்குள் இடம் தருவீர்களா, வெளியேற்ற வேண்டுமா? வெளியேற்ற வேண்டுமென்றால் எத்தனை கிலோமீட்டர் வரை?

இ. பாதை, தண்ணீர், மின்சாரம்

8. வாயிலிலிருந்து வேலையிடம் வரை சுமார் 70 மீட்டர் பாதையின் அகலம் 2.4 மீட்டர்தான், டிப்பர் போகாது. 64 மீட்டர் சுவர் என்றால் கட்டி முடித்த அளவிலேயே ஏறக்குறைய 128 யூனிட் கல். அத்தனையையும் வாயிலில் இறக்கி, ஆள் வைத்தோ சிறிய டிராக்டரிலோ உள்ளே கொண்டுபோக வேண்டும். விளையாட்டுத் திடலின் மேற்கு ஓரத்தைத் தற்காலிகப் பாதையாகத் தர முடியுமா? தந்தால் இரண்டாம் முறை ஏற்றி இறக்கும் கூலி குறையும், அதற்கேற்ப எங்கள் விலையும் குறையும்.

9. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையோ குப்பனூர்ப் பாதையோ, பொருள் வரும் வழி ஒப்பந்ததாரர் பொறுப்பு என்பது எங்கள் புரிதல். மண்சரிவால் பாதை மூடப்படும் நாட்கள் வேலைக்காலத்தில் கழிக்கப்படுமா?

10. தண்ணீரும் மின்சாரமும் பள்ளி தருமா? தரும் என்றால் மீட்டர் கணக்கிலா? மார்ச்சுக்குப் பிறகு தண்ணீர் குறைந்தால் லாரித் தண்ணீருக்கு யார் பொறுப்பு? சிமெண்ட் கட்டுமானத்தைக் குறைந்தது 7 நாளாவது நனைக்க வேண்டியிருப்பதால் கேட்கிறோம்.

ஈ. விலையும் பணமும்

11. விலைப் படிவத்தின் அடியில் "எல்லா வரிகளும் உட்பட". நிபந்தனை 24-இல் "ஜிஎஸ்டி தனியாக வழங்கப்படும்". 18 சதவீத வித்தியாசம் என்பதால், ஒருவர் சேர்த்தும் ஒருவர் சேர்க்காமலும் போட்டால் ஒப்பிடவே முடியாது. ஜிஎஸ்டி நீங்கலாக விலையையும் வரியைத் தனி வரியிலும் எழுதும்படி படிவத்தை மாற்றினால் நல்லது.

12. ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்தம் (நிபந்தனை 27), வேலை உத்தரவின்போது 5 சதவீத வங்கி உத்தரவாதம் (நிபந்தனை 8): இரண்டும் உண்டா, ஏதேனும் ஒன்றா? குறைபாட்டுப் பொறுப்புக் காலம் பக்கம் 15-இல் 12 மாதம், பக்கம் 22-இல் 24 மாதம். எது?

13. முன்வைப்புத் தொகை பக்கம் 3-இல் ரூ.75,000, பக்கம் 9-இல் ரூ.1,00,000. வரைவோலை சேலத்தில் மாற்றத்தக்கதாக இருந்தால் போதுமா?

உ. காலமும் தாக்கலும்

14. வேலை உத்தரவிலிருந்து 120 நாட்கள் என்றும், 31.03.2026-க்குள் முடிக்க வேண்டும் என்றும் உள்ளது. டிசம்பர் 15-இல் உத்தரவு கிடைத்தாலும் 120 நாள் ஏப்ரல் 14-இல்தான் முடிகிறது. தாமதத் தண்டத்தை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவீர்கள்?

15. BOQ_07.xls கோப்பு புதிய வரிசை சேர்க்க முடியாதபடி பூட்டப்பட்டுள்ளது. 1, 2, 5 ஆகியவற்றின்படி அளவோ வரிசையோ மாறினால் புதிய கோப்பு வெளியிட வேண்டியிருக்கும். பழைய கோப்பில் தாக்கல் செய்தவை நிராகரிக்கப்படுமா என்பதையும் அறிவிப்பில் சேர்க்கவும்.

பதில்களைக் கேட்டவர் பெயர் குறிப்பிடாமல், ஆவணம் வாங்கிய எல்லோருக்கும் திருத்த அறிவிப்பாக அனுப்பக் கோருகிறோம். தொலைபேசியில் சொல்லும் விளக்கத்தை வைத்து விலை போட எங்களால் இயலாது. திருத்திய அளவுப் பட்டியல் வந்தபின் கல், ஜல்லி, பிரேக்கர் வாடகைக்கு மறுபடி விலை வாங்க ஒரு வாரமாவது பிடிக்கும். அறிவிப்பு 19.11.2025-க்குப் பின் வருமானால், தாக்கல் நாளை 05.12.2025-க்குத் தள்ளிவைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மதிப்பீட்டுப் பொறியாளர்,
ஒப்பந்த நிறுவனத்துக்காக, சேலம்.

இணைப்பு: பக்கம் 3, 9, 15, 22, 31 நகல்கள் (முரண்படும் இடங்கள் சிவப்பில் வட்டமிடப்பட்டவை), தளத்தில் பாறை தெரியும் இடத்தின் நான்கு படங்கள்.