சீனியர் அக்கவுண்டன்ட் வேலை: விளம்பரத்தில் ஒன்று, போனில் ஒன்று. எது சரி?

வணக்கம் மேடம்,

நேற்று மதியம் என்னிடம் போனில் பேசினீர்கள், வைட்ஃபீல்ட் சீனியர் அக்கவுண்டன்ட் வேலைக்காக. தமிழிலேயே பேசியதால் தயங்காமல் கேட்க முடிந்தது, அதற்கு நன்றி. வியாழக்கிழமை இரண்டாவது ரவுண்டுக்கு வருவதற்கு முன் சில விஷயங்களை எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ளலாம் என்றுதான் இந்த மெயில். நீங்கள் சொன்னதைக் கேட்டபிறகு விளம்பரத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டும் ஒரே வேலையைப் பற்றியதுதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். இன்று காலைகூட அதே வாசகத்தோடுதான் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் சம்பளம். விளம்பரத்தில் 'ஆண்டுக்கு 5.4 லட்சம், ஃபிக்ஸட்' என்று இருக்கிறது. போனில் 5.4-ல் இருபது சதவீதம் வேரியபிள், அது வருஷக் கடைசியில் பெர்ஃபார்மன்ஸைப் பார்த்து வரும், பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் உள்ளேயே அடக்கம் என்றீர்கள். கணக்கு வேலைக்கு ஆள் எடுக்கிறீர்கள், அதனால் கணக்குப் போட்டுத்தான் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். விளம்பரப்படி மாதம் 45,000. அதில் பேசிக் பாதி என்று வைத்து, கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, கிராஜுவிட்டி 4.81 சதவீதம், அப்புறம் என் பங்கு பிஎஃப் 1,800, கர்நாடகா தொழில் வரி 200 எல்லாம் போனால் கையில் ஏறக்குறைய 40,100 வரும். நீங்கள் சொன்னபடி பார்த்தால் நிச்சயமான தொகையே மாதம் 36,000தான், அதே கழிவுகள் போகக் கைக்கு வருவது 31,300. மாதத்துக்கு 8,800 ரூபாய் வித்தியாசம், அல்சூரில் என் வீட்டு வாடகையில் பாதிக்கு மேல். வேரியபிள் வரும் என்றால் எதை வைத்து அளப்பீர்கள், போன வருடம் அக்கவுண்ட்ஸ் டீமுக்கு அதில் எவ்வளவு உண்மையில் கொடுக்கப்பட்டது, நடுவில் விலகினால் அதுவரைக்கும் உள்ளதைத் தருவீர்களா, இவையெல்லாம் தெரியாமல் அந்த 1,08,000-ஐ நான் சம்பளம் என்று எண்ண முடியாது.

இதைவிட எனக்கு முக்கியமானது யாருடைய பேரோல் என்பது. விளம்பரத்தில் 'நிரந்தரப் பணி' என்று தெளிவாக இருக்கிறது. நீங்களோ முதல் 11 மாதம் ஒரு ஏஜென்ஸியின் பேரோலில் இருக்க வேண்டும், பிறகு 'பார்த்துக் கன்வெர்ட் செய்வார்கள்' என்றீர்கள். ஏஜென்ஸியின் பெயரைக் கேட்டேன், ஆஃபர் லெட்டரில் தெரியும் என்று சொல்லிவிட்டீர்கள். ஒப்பந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை, அதுதான் என்றால் அதற்கேற்ற முடிவை எடுத்துக்கொள்வேன். ஆனால் அப்படி என்றால் பிஎஃப் கட்டுபவர், ஃபார்ம் 16 கொடுப்பவர், நாளைக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் கையெழுத்துப் போடுபவர் எல்லாமே அந்த ஏஜென்ஸிதானே? அடுத்த இடத்தில் பேக்கிரவுண்ட் செக் நடக்கும்போது உங்கள் நிறுவனத்தின் பெயரையே நான் சொல்ல முடியாமல் போகும். இன்னொன்று, 11 மாதத்தில் யாருக்கும் கிராஜுவிட்டி வராது, அந்தத் தொகையை மட்டும் சிடிசியில் சேர்த்துக் காட்டுவது எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. நான்கு வருடமாக ஆடிட்டர் ஆபீஸில் மற்றவர்களின் பேரோலைப் பார்த்துக்கொண்டு இருப்பவள் என்பதால் இந்த இடம் கண்ணில் உறுத்துகிறது.

அடுத்து இடம். வைட்ஃபீல்ட் என்று பார்த்துத்தான் அப்ளை செய்தேன். அல்சூர் ஸ்டேஷனில் பர்ப்பிள் லைன் ஏறினால் மாறாமல் நேராகப் போய்விடலாம், இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு ஒரு வாய்ப்பைத் தள்ளிவைத்தேன். போனில் ஆபீஸ் ஜிகனி பக்கம், ஃபேக்டரியோடு சேர்ந்தது, 'மெட்ரோ வந்துவிட்டது, பிரச்சனை இல்லை' என்றீர்கள். வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் நான் மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறி, ஆர்.வி. ரோட்டில் யெல்லோ லைனுக்கு மாறி, பொம்மசந்திராவில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவோ கம்பெனி வண்டியோ பிடிக்க வேண்டும். கம்பெனி வண்டி உண்டா என்று கேட்டபோது லைன் கட்டாகிவிட்டது. வைட்ஃபீல்டில் உங்களுக்கு ஆபீஸ் இருக்கிறதா, இருந்தால் இந்த வேலை அங்கேயா, அல்லது விளம்பரத்தில் அந்தப் பெயர் ஏன் வந்தது, நேராகவே சொல்லுங்கள்.

நாள் கணக்கும் மாறியிருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி என்று படித்தேன், நீங்கள் சொன்னது ஆறு நாள், இரண்டாவது சனி மட்டும் லீவு. சனிக்கிழமைகளில் எனக்கு சிஎம்ஏ இன்டர் வகுப்பு இருக்கிறது, ரெஸ்யூமேயிலும் எழுதியிருக்கிறேன். ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ம் தேதி, 3பி-க்கு 20-ம் தேதி, டிடிஎஸ் கட்ட 7-ம் தேதி என்று வரும் நாட்களில் ராத்திரி வரைக்கும் உட்கார எனக்கு ஆட்சேபம் இல்லை, இந்தத் தொழிலில் அது எல்லோருக்கும் உள்ளதுதான். வாராவாரம் சனிக்கிழமை என்பது வேறு.

வேலை விவரத்தில் டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ரீகன்சிலியேஷன், மாதக் கடைசி க்ளோசிங் என்றுதான் இருந்தது. 'தேவைப்பட்டால் டீலர்களிடம் கலெக்‌ஷன் ஃபாலோ-அப், டூ-வீலர் இருந்தால் நல்லது' என்றீர்கள். போனில் ஞாபகப்படுத்துவது வரை என்றால் சரி, பணம் வாங்க நேரில் போவது என்றால் நான் அந்த வேலைக்கு ஆள் இல்லை, வண்டியும் இல்லை.

விளம்பரம் பொதுவாகப் போடுவது, எல்லா போஸ்ட்டுக்கும் ஒரே டெம்ப்ளேட் என்று நடுவில் ஒரு வார்த்தை சொன்னீர்கள். இருக்கலாம், உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை போன் என்று எனக்கும் புரிகிறது, உங்களிடம் கொடுத்ததைத்தான் நீங்கள் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அதைப் படித்துத்தானே மேடம் ஒருவர் அப்ளை செய்கிறார். இந்த வாரத்துக்குள் பேப்பர் போட்டுவிட முடியுமா என்று வேறு கேட்டீர்கள். இப்போது இருக்கும் இடத்தில் 60 நாள் நோட்டீஸ். வாய்மொழியை நம்பி நான் ராஜினாமா கொடுக்க மாட்டேன், ஆஃபர் லெட்டர் கையில் வந்து, அதில் உள்ளதைப் படித்தபிறகுதான் அந்தப் பேச்சு.

அதனால் புதன்கிழமை மாலைக்குள் இந்த மெயிலுக்கே பதில் போட்டுவிடுங்கள்: யார் பேரோல், ஏஜென்ஸி என்றால் அதன் பெயர், வேரியபிள் நீங்கலாக மாதம் கைக்கு வரும் தொகை, ஆபீஸ் முகவரி, வாரத்துக்கு எத்தனை நாள், கலெக்‌ஷன் உண்டா இல்லையா. சம்பளத்துக்கு மட்டும் பிரேக்-அப் ஷீட் ஒன்று அனுப்பினால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். விளம்பரத்தில் உள்ளதுதான் சரி, போனில் வேறு போஸ்ட்டோடு கலந்துவிட்டது என்றால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள், வியாழன் பதினோரு மணிக்கு வந்து நிற்பேன். போனில் சொன்னதுதான் சரி என்றால் இந்த வேலை எனக்கு ஒத்துவராது, வீணாக உங்கள் மேனேஜரின் நேரத்தை எடுக்க வேண்டாம், அந்த ஸ்லாட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். வைட்ஃபீல்ட் அல்லது இந்திராநகர் பக்கம் உண்மையிலேயே நிரந்தரமான அக்கவுண்ட்ஸ் வேலை பின்னால் வந்தால் கூப்பிடுங்கள், பேசலாம்.

ஆறரைக்கு மேல் போனில் கிடைப்பேன். ஆனாலும் பதில் மெயிலில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நேற்று உங்களுடன் பேசிய அல்சூர் விண்ணப்பதாரர்